சுடர் அணைந்த பிறகும் கேமரா ஓடட்டும்

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சோதனையை வீடியோவாக எடுத்து வரச் சொன்னால், பல பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது மெழுகுவர்த்திச் சோதனை. தட்டில் வண்ணத் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். “ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு” என்று விளக்கத்தை முடித்துவிடுவார்கள். அந்த விளக்கம் தவறு. வீடியோவைத் திட்டமிட்டு எடுத்தால், அது ஏன் தவறு என்பதையும் கண்ணால் காட்டிவிடலாம்.

சுடர் அணையும்போது டம்ளருக்குள் ஆக்சிஜனில் பெரும்பகுதி மிச்சம்தான் இருக்கிறது. எரிந்துபோன ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்துவிடுகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் கண்ணாடியில் துளியாகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால், வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

அப்படியானால் கேமராவில் சிக்கவேண்டியவை இரண்டு: டம்ளரின் விளிம்பில் வெளியேறும் காற்றுக்குமிழிகள், சுடர் அணைந்த பிறகு தண்ணீர் விறுவிறுவென ஏறும் காட்சி. விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டால் இரண்டும் சரியாகத் தெரியாது. அதனால் விளிம்புக்கு அடியில் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து, அவை மூழ்கி விளிம்பும் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

எடுக்கவேண்டிய ஷாட்டுகள் நான்கு போதும். முதலாவது, மேசை முழுவதும் தெரியும் அகல ஷாட். பொருள்களும், பக்கத்தில் தயாராக இருக்கும் ஈரத்துணியும், கூட நிற்கும் பெரியவரும் இதிலேயே தெரியட்டும். இரண்டாவது, கவிழ்ப்பதிலிருந்து தண்ணீர் ஏறி நிற்கும்வரை வெட்டாமல் எடுக்கும் ஒரே டேக். இதை இடையில் வெட்டினால், அணைந்தது முதலா, ஏறியது முதலா என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். மூன்றாவது, குமிழிகளைக் காட்டும் க்ளோசப். இதற்காகச் சோதனையை இன்னொருமுறை செய்யவேண்டும். நான்காவது, அதே டம்ளரில் அதே உயரமுள்ள மூன்று மெழுகுவர்த்திகளை வைத்து எடுப்பது. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, ஆனாலும் தண்ணீர் முன்பைவிட மேலே ஏறும். கூடியது வெப்பம்தான். முதல்முறை ஏறிய மட்டத்தில் டம்ளரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

க்ளோசப் என்றவுடன் போனைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. இரண்டடி தள்ளி, ஸ்டாண்டிலோ புத்தக அடுக்கிலோ, தண்ணீர் மட்டத்துக்கு நேராக நிறுத்தி இரண்டு மடங்கு ஜூம் செய்தால் போதும். சுடருக்கு நேர் மேலே போனைப் பிடிக்கவே வேண்டாம். பெரும்பாலான போன்களில், திரையில் தெரியும் டம்ளர்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் மாறாமல் நிற்கும். இல்லாவிட்டால் சுடர் அணையும் நொடியில் கேமரா தடுமாறி, முக்கியமான காட்சி மங்கிவிடும். வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரட்டும். பின்னால் ஒரு வெள்ளை அட்டை இருந்தால் வண்ணத் தண்ணீர் எடுப்பாகத் தெரியும்.

தீக்குச்சி கிழிப்பது பெரியவர் வேலை. சோதனை செய்பவர் வேறு, படம் எடுப்பவர் வேறாக இருக்கவேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கண் திரையில் இருக்கும், கை தீயில் இருக்கும். தலைமுடியைக் கட்டி, துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளவேண்டும். மெழுகுவர்த்தி டம்ளரின் உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சுடர் அடிக்கண்ணாடியைத் தொட்டால் டம்ளர் விரிசல் விடும். ஃபேனை நிறுத்திவிட்டால் சுடர் ஆடாது. அணைந்ததும் டம்ளரைத் தூக்காமல் ஆறவிடவேண்டும்.

விளக்கத்தைத் தனியாக, கதவை மூடிய அறையில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்யலாம். பேசுகிற தமிழிலேயே எழுதிக்கொண்டால் ஒப்பிப்பதுபோல் இருக்காது. “விளிம்பைப் பாருங்க, குமிழி வெளியே வருது. இப்போ சுடர் அணைஞ்சிடுச்சு. இனிமேல் தண்ணியைப் பாருங்க.” இத்தோடு சில நொடி பேச்சை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஏறி முடிந்த பிறகு காரணத்தைச் சொல்லவேண்டும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பார்ப்பவருக்குக் கவனிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

கடைசியில் ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்: “ஏறின தண்ணியை அளந்து, காத்துல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு சொல்ல முடியாது.” நடுவர் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பதிலுக்குச் சான்றாக மூன்று மெழுகுவர்த்தி ஷாட் கையில் இருக்கிறது.