மைனஸ் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள்

(1 − cos z)/z² என்ற சார்பைக் கொடுத்து, z = 0-ல் என்ன ஆகிறது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் "இரண்டாம் வரிசைத் துருவம்" என்று எழுதிவிடுவார்கள். கீழே z² இருக்கிறதே, சார்பு வெடிக்கத்தானே செய்யும் என்பது அவர்கள் கணக்கு. z-க்கு 0.1 போட்டுப் பாருங்கள். 0.4996 வருகிறது. வெடிப்பு எதுவும் இல்லை.

இங்கே z ஒரு கலப்பெண். அதாவது புள்ளியை நெருங்க இடம், வலம் என்ற இரண்டு வழிகள் மட்டும் இல்லை. தளத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நெருங்கலாம். சுற்றிலும் சார்பு ஒழுங்காக இருந்து, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அதற்கு மதிப்பு இல்லாமல் போனால், அந்த இடத்தைக் கல்லூரியில் தனித்த சிங்குலாரிட்டி என்பார்கள். நான் பழுதுப் புள்ளி என்கிறேன். பழுது எத்தகையது என்பதைப் பகுதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடராக விரித்துப் பார்க்க வேண்டும்.

விரிக்கும் வழியை 1843-ல் எழுதியவர் பியர் அல்போன்ஸ் லோரான். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர்; லு ஆவ்ர் துறைமுகப் பணியில் இருந்தவர். பிரெஞ்சு அகாடமியின் பரிசுக்கு அவர் அனுப்பிய கட்டுரை, கெடு முடிந்தபின் போய்ச் சேர்ந்தது. கோஷி பரிந்துரைத்தும், லோரான் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. டெய்லர் தொடரில் z, z², z³ என்று பிளஸ் அடுக்குகள் மட்டுமே வரும். லோரான் தொடரில் 1/z, 1/z² போன்ற மைனஸ் அடுக்குகளும் வரலாம். பழுதின் குணம் முழுக்க அந்த மைனஸ் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் கணக்குக்குத் திரும்புவோம். cos z என்பது 1 − z²/2 + z⁴/24 − … . அதை 1-லிருந்து கழித்து z²-ஆல் வகுத்தால் 1/2 − z²/24 + … கிடைக்கிறது. மைனஸ் அடுக்கு ஒன்றுகூட இல்லை. z = 0-ல் மதிப்பு 1/2 என்று நாமே எழுதிவிட்டால் பழுது தீர்ந்தது. இதுதான் நீக்கத்தக்க பழுது.

sin z/z⁴-ஐ விரித்தால் 1/z³ − 1/(6z) + z/120 − … . மைனஸ் அடுக்குகள் உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இது துருவம். மிக ஆழமான மைனஸ் அடுக்கு 3, ஆகவே வரிசையும் 3. பகுதியில் தெரியும் 4 அல்ல. எந்தத் திசையில் நெருங்கினாலும் சார்பின் அளவு எல்லையின்றி வளரும். z³-ஆல் பெருக்கினால் அடங்கிவிடும்.

மைனஸ் அடுக்குகள் முடிவே இல்லாமல் போனால்? e^(1/z)-ன் தொடர் 1 + 1/z + 1/(2z²) + 1/(6z³) + … . எத்தனை z-ஆல் பெருக்கினாலும் தீராது. இதை எசென்ஷியல் என்கிறார்கள். நேர்க்கோட்டின் வலப்பக்கமிருந்து 0-ஐ நெருங்கினால் சார்பு முடிவிலிக்கு ஏறுகிறது. இடப்பக்கமிருந்து வந்தால் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. கற்பனை அச்சின் வழியே வந்தால், அளவு எப்போதும் 1 என்றிருக்க, அலகு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். e^(1/z) = 5 ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/z = ln 5 + 2πik, இதில் k எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம். k = 1 எனில், விடை பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ 0.154 தொலைவில் இருக்கிறது. k = 100 எனில் 0.0016. k-ஐ ஏற்ற ஏற்ற விடைகள் பூஜ்யத்தை நோக்கி நெருக்கியடித்து வருகின்றன. எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும், அதற்குள் 5 என்ற மதிப்பு எண்ணற்ற முறை வருகிறது. 5-க்குப் பதில் வேறெந்தக் கலப்பெண்ணை வைத்தாலும் இதே கதைதான். பூஜ்யம் மட்டும் விலக்கு. எந்த எசென்ஷியல் பழுதாக இருந்தாலும் இப்படித் தப்பக்கூடிய எண் அதிகபட்சம் ஒன்றுதான் என்று 1879-ல் எமில் பிக்கார் நிறுவினார். என்னை இன்றும் பிரமிக்க வைக்கும் தேற்றம் இது.

எண்ணும்போது இடறும் இடம் ஒன்று உண்டு. 1/(z(z − 1))-க்கு |z| > 1 என்ற வெளிப்பகுதியில் 1/z² + 1/z³ + 1/z⁴ + … என்ற தொடர் கிடைக்கும். முடிவில்லாத மைனஸ் அடுக்குகளைக் கண்டதும் எசென்ஷியல் என்று எழுதிவிடத் தோன்றும். தொடரில் பிழையில்லை; ஆனால் அது பூஜ்யத்தின் அக்கம்பக்கத்தில் செல்லாது, நடுவே z = 1-ல் இன்னொரு பழுது கிடக்கிறது. பழுதை ஒட்டிய வளையமான 0 < |z| < 1-ல் விரித்தால் −1/z − 1 − z − z² − … . மைனஸ் அடுக்கு ஒன்றே ஒன்று. ஆக, முதல் வரிசைத் துருவம்.

1/sin(1/z)-ல் அந்த ஒட்டிய வளையமே கிடைக்காது. 1/π, 1/(2π), 1/(3π) என்று துருவங்கள் பூஜ்யம் வரை வரிசை கட்டி நிற்பதால், அங்குள்ள பழுது தனித்ததே அல்ல. இந்த மூன்று வகையும் அதற்குப் பொருந்தாது.