எட்டும் ஒன்றும்: எண் கணிதத்தில் ஜோடிப் பொருத்தம் பார்க்கும் முறை

எண் கணிதத்தில் ஒரு தம்பதிக்குப் பொருத்தம் பார்க்க, ஒவ்வொருவருக்கும் மூன்று எண்களைக் கணக்கிடுகிறார்கள். பிறந்த தேதியை மட்டும் கூட்டி ஓர் இலக்கமாக்கினால் கிடைப்பது பிறவி எண். தேதி, மாதம், வருடம் மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் விதி எண். பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் பெயர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிரகம் அதிபதி. 1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 4 ராகு, 5 புதன், 6 சுக்கிரன், 7 கேது, 8 சனி, 9 செவ்வாய். இந்தக் கிரகங்களுக்குள் ஜோதிடம் சொல்லும் நட்பும் பகையும் அப்படியே கணவன் மனைவியின் எண்களுக்கும் பொருந்தும் என்பதுதான் பொருத்தத்தின் அடிப்படை.

கணவன், மனைவி இருவரின் எண்களும் பகை என்று வந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுத் தம்பதியை வைத்துப் பார்க்கலாம். கணவன் பிறந்தது 17-3-1988, மனைவி பிறந்தது 28-5-1991. மனைவியின் பெயர் செல்வி. உரையாடல் கற்பனை. கணக்குகளும் பலன்களும் எண் கணிதத்தில் புழங்குபவை.

எண் கணிதர் கோடு போட்ட நோட்டில் இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதுகிறார். 17-ஐக் கூட்டினால் 8. அடுத்த வரியில் 28. இரண்டும் எட்டும் பத்து, பத்தைக் கூட்டினால் 1. பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்கிறார்.

“தம்பிக்கு எட்டு, சனி. அம்மாவுக்கு ஒண்ணு, சூரியன். ரெண்டும் அப்பா பிள்ளைதான், ஆனா ஆகாது. அம்மா எதையும் உடனே முடிக்கணும்னு நினைப்பாங்க. தம்பி நிதானம், மனசுல இருக்கிறதை வெளியில சொல்ல மாட்டார். வீட்ல வாக்குவாதம் வந்துக்கிட்டே இருக்குமே?”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாக்குவாதம் வருவது உண்மைதான்.

“ஆமாங்க சார். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகம் பார்த்தப்போ பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்குன்னு சொன்னாங்களே?” என்கிறாள் மனைவி.

“அது நட்சத்திரம்மா. இது எண். இது தனி.”

அவர் தொடர்ந்து விதி எண்ணைப் போடுகிறார். கணவனுக்கு 1+7+3+1+9+8+8, மொத்தம் 37. அதைக் கூட்டினால் 10, பிறகு 1. மனைவிக்கு 2+8+5+1+9+9+1, மொத்தம் 35, கூட்டினால் 8. கணவனின் பிறவி எண் மனைவிக்கு விதி எண்ணாகவும், மனைவியின் பிறவி எண் கணவனுக்கு விதி எண்ணாகவும் மாறி வந்திருக்கின்றன. இங்கேதான் இந்த முறையின் நெகிழ்வு தெரிகிறது. பிறவி எண்ணை முதன்மையாகக் கொள்பவர் இவர்களைப் பகை ஜோடி என்பார். பிறவி எண்ணும் விதி எண்ணும் குறுக்கே சேர்வதைப் பார்ப்பவர், இவருடைய எண்ணை அவரும் அவருடைய எண்ணை இவரும் சுமப்பதால் பிரிக்க முடியாத ஜோடி என்பார். எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. சிலர் 35 வயது வரை பிறவி எண்ணும் அதன் பிறகு விதி எண்ணும் வேலை செய்யும் என்கிறார்கள்.

கூட்டிச் சுருக்குவதற்கு முன் வரும் இரண்டு இலக்க எண்ணுக்கும் தனிப் பலன் உண்டு. கீரோ என்ற பெயரில் எழுதிய வில்லியம் ஜான் வார்னர் (1866-1936) இந்தப் பலன்களைத் தம் எண் நூலில் தொகுத்தார். தமிழ்நாட்டு எண் கணிதர்கள் பலர் இன்றும் பின்பற்றும் எழுத்து மதிப்புகள் அவர் நூலில் உள்ளவைதான். பண்டிட் சேதுராமனின் ‘அதிர்ஷ்ட விஞ்ஞானம்’ போன்ற நூல்கள் இந்தத் துறையைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்தன. கீரோ 4-க்கு யுரேனஸையும் 7-க்கு நெப்டியூனையும் கொடுத்திருந்தார். நவகிரகங்களில் அவை இல்லாததால் இங்கே அந்த இடங்கள் ராகுவுக்கும் கேதுவுக்கும் போயின. கீரோவின் பட்டியலில் 37 காதலுக்கும் கூட்டுக்கும் உகந்த எண். 35 அதற்கு நேர்மாறு, பிறரோடு சேர்வதால் கேடு வரும் என்று எச்சரிக்கும் எண். ஆக ஒரே திருமணம் கணவன் பக்கத்திலிருந்து பார்த்தால் யோகமாகவும் மனைவி பக்கத்திலிருந்து பார்த்தால் ஆபத்தாகவும் தெரிகிறது.

“அப்போ எனக்கு நல்லதா இருக்கிற கல்யாணம் இவளுக்கு மட்டும் எப்படிங்க சார் கெட்டதா இருக்கும்?” என்று கணவன் கேட்பது நியாயமான கேள்வி. தனித்தனி ஆளுக்குப் பலன் சொல்ல எழுதப்பட்ட பட்டியலில் அதற்குப் பதில் கிடையாது.

மனைவிக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. “நான் பொறந்தது ராத்திரி ரெண்டரை மணி சார். பஞ்சாங்கப்படி முந்தின நாள்தான் கணக்குன்னு எங்க பாட்டி சொல்வாங்க.”

நோட்டில் மறுபடியும் கணக்கு ஆரம்பிக்கிறது. எண் கணிதத்தில் பெரும்பாலும் நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறுவதாகவே கொள்கிறார்கள். பஞ்சாங்க வழக்கை ஒட்டிச் சூரிய உதயத்திலிருந்து நாளைத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் செல்வி பிறந்தது 27-ஆம் தேதி. பிறவி எண் 9, செவ்வாய். மொத்தக் கூட்டல் 34, விதி எண் 7, கேது. சூரியன் போய்ச் செவ்வாய் வருகிறது, எச்சரிக்கை எண் 35 காணாமல் போகிறது. பிறந்த பெண் அதே பெண், பிறந்த வேளையும் அதேதான். நாள் எப்போது தொடங்குகிறது என்ற வழக்கத்தை மாற்றியதும் குணம், கிரகம், கணவனோடு உள்ள உறவு எல்லாமே மாறிவிடுகின்றன. பள்ளியில் சேர்க்கும்போது வயதுக்காகத் தேதியை மாற்றிக் கொடுத்த குடும்பங்களும் ஏராளம். அப்படிப்பட்டவர்களுக்குச் சான்றிதழில் ஓர் எண்ணும் வீட்டில் சொல்லும் தேதிக்கு வேறோர் எண்ணும் இருக்கும்.

இருவருக்கும் எண் வேறு வேறாக வருவதை ஏதோ கோளாறு என்று தம்பதிகள் நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் கணக்கில் அப்படி வருவதுதான் இயல்பு. 1, 10, 19, 28 ஆகிய தேதிகளில் பிறந்தவர்களுக்கு எண் 1. இதேபோல 2, 3, 4 ஆகிய எண்களுக்கும் நான்கு தேதிகள் வரை உண்டு. 5 முதல் 9 வரை உள்ளவற்றுக்கு மூன்று தேதிகள் வீதம். இந்தக் கணக்கின்படி எந்த இரண்டு பேரை எடுத்தாலும் பிறவி எண் ஒன்றாக அமைய ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்புதான். மீதி எட்டுப் பங்கு ஜோடிகளுக்கு எண் வேறாகத்தான் இருக்கும். ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த தாத்தா பாட்டிக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் “வாக்குவாதம் வருமே” என்று அவர் சொன்னது எப்படிப் பொருந்தியது? 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கான முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல் வந்தது. எல்லாருடைய தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதை அவர் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்திருந்தார். யாருக்கும் ஓரளவு பொருந்தும் வரியை நமக்கென்றே எழுதியதாக நாம் படிக்கிறோம். சண்டையே வராத வீடு இல்லை என்பதால் “வாக்குவாதம்” என்ற சொல் எந்த ஜோடிக்கும் பொருந்திவிடுகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஏதாவது ஒரு எண் கணிதப் புத்தகத்தில் ஒன்பது எண்களின் குணப் பலன்களையும், எண்ணும் கிரகப் பெயரும் தெரியாதபடி மறைத்துப் படியெடுத்து, தன் பலன் எது என்று கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலனில் உண்மையான தகவல் இருந்தால் அவரவர் பலன் அவரவருக்கு எளிதில் அகப்பட வேண்டும். புத்தகத்தை ஏற்கெனவே படித்தவர்களிடம் இந்தச் சோதனை செல்லாது.

உரையாடல் பெரும்பாலும் பரிகாரத்தில்தான் வந்து நிற்கும். பிறந்த தேதியை மாற்ற முடியாது, பெயரை மாற்றலாம். அதிலும் மனைவியின் பெயரைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். கீரோ முறையில் செல்வி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு மதிப்பு இது: எஸ் 3, ஈ 5, எல் 3, வி 6, ஐ 1. மொத்தம் 18. கீரோ பட்டியலில் இது குடும்பச் சண்டையைக் குறிக்கும் எண்.

“கடைசியில ஒரு ஈ சேர்த்துக்குங்கம்மா. இருபத்திமூணு வரும், ராஜ எண். தினமும் புதுக் கையெழுத்தை எழுதிப் பழகுங்க. வீட்ல சண்டை அடங்கிடும்.”

“சேர்க்கலேன்னா சார்?”

“சேர்த்துட்டா நல்லது.”

அதே பெயரை எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9 வரை மதிப்புக் கொடுக்கும் பித்தகோரஸ் முறையில் போட்டால் மொத்தம் 22, எண் 4. ஈ சேர்த்தால் 27, எண் 9. ஒரு முறையில் 9-ஐ விட்டு விலகச் சேர்த்த எழுத்து, இன்னொரு முறையில் 9-க்கே கொண்டுபோய் விடுகிறது. தமிழில் ‘செல்வி’ என்று எழுதும் பெயருக்கு இந்த இரண்டு முறைகளிலும் எண்ணே கிடையாது. முதலில் அதை ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும், எப்படி எழுதுவது என்பது அப்பா பள்ளியில் கொடுத்த எழுத்துக்கூட்டலைப் பொறுத்தது.

ஓர் எழுத்தைச் சேர்ப்பது சிறிய காரியம் போலத் தோன்றும். கையெழுத்தில் மட்டும் சேர்த்தால் வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தாமல் காசோலை திரும்பலாம். சட்டப்படி மாற்றுவதென்றால் தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதன் பிறகு ஆதார், பான், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு என ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். படிப்புச் சான்றிதழ்கள் பழைய பெயரிலேயே இருப்பதால், இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட அந்த அரசிதழ் நகலை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பழைய எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தால் அங்கேயும் கேள்வி வரும். எந்த எழுத்தையும் சேர்ப்பதற்கு முன், எந்த எழுத்து முறையில் கணக்கிட்டார், நாளை எங்கிருந்து தொடங்கினார், பிறவி எண்ணுக்கும் விதி எண்ணுக்கும் முரண் வந்தால் எதை எடுத்துக்கொள்கிறார் என்ற மூன்றையும் எண் கணிதரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதே தேதிகளை இன்னொரு எண் கணிதரிடம் காட்டி இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.