உத்தரவாத அட்டையைத் தமிழாக்குதல்

சேலம் மாவட்டம் மேச்சேரி வட்டாரத்தின் மேட்டுநில உழவர்களுக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே பெருந்துணை. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் ஓராண்டுக்குள் பழுதானால், உழவர் முதலில் தேடுவது உத்தரவாத அட்டையை. அதில் எவை விலக்கப்பட்டுள்ளன, உரிமையைக் கோருவது எப்படி என்னும் இரண்டும் ஐயமின்றி விளங்க வேண்டும். ஆங்கில அட்டையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்விரண்டுமே மறைந்துவிடும்.

கால வரையறை

இத்தகைய அட்டைகளில் பொதுவாகக் காணப்படும் தொடர் ஒன்று உண்டு. ‘நிறுவிய நாளிலிருந்து 12 மாதங்கள் அல்லது விலைச்சீட்டு நாளிலிருந்து 18 மாதங்கள், எது முந்தியதோ அது’ என்று அதனைப் பெயர்ப்பர். ‘அல்லது’ என்பதைக் கண்டவர், தமக்கு வேண்டியதைத் தெரிவு செய்யலாம் எனக் கருதக்கூடும். 2023 ஜனவரி 10 அன்று வாங்கிய மோட்டாரை ஒருவர் அக்டோபர் 1 அன்று கிணற்றில் இறக்குவதாகக் கொள்வோம். முதற்கணக்குப்படி உத்தரவாதம் 2024 செப்டம்பர் 30 வரையிலும், இரண்டாம் கணக்குப்படி 2024 ஜூலை 9 வரையிலும் இருக்கும். எனவே ஜூலை 9 உடன் அது முடிந்துவிடுகிறது. ‘இரண்டு கெடுக்களையும் கணக்கிடுக, முதலில் முடிவதே செல்லும்’ என்று எழுதி, மேற்கண்டவாறு ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்தால் ஐயம் எழாது.

விலக்குகள்

தமிழில் வினைமுற்றும் எதிர்மறையும் தொடரின் இறுதியில் வருவது இயல்பு. ஆங்கிலத்தில் ‘பொருந்தாது’ என்னும் கருத்து முதலிலேயே வந்து, பட்டியல் பின்தொடரும். அதே நீளத்தொடரைத் தமிழில் அமைத்தால், எட்டு, பத்துப் பழுதுகளைப் படித்த பின்னரே அவை விலக்கப்பட்டவை என்பது தெரியும். இடையில் நிறுத்தியவர், அவற்றுக்கெல்லாம் உத்தரவாதம் உண்டு என்று எண்ணிவிடுவார். ஆதலால் ‘கீழ்க்காணும் பழுதுகளுக்கு உத்தரவாதம் இல்லை’ என்பதைத் தலைப்பாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணிட்டு எழுதுதல் வேண்டும்.

சொற்றேர்வும் இங்கே இன்றியமையாதது. ‘வறண்ட ஓட்டம்’ என்பது புரியாத சொல்லாக்கம். ‘கிணற்றில் நீர் இல்லாதபோது மோட்டார் ஓடியதால் ஏற்பட்ட பழுது’ என்பது எவருக்கும் விளங்கும். அவ்வாறே, ‘மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போய்க் காயில் எரிதல்’ என்று உழவர் வழங்கும் சொற்களாலேயே எழுதலாம். மோட்டார் எரிந்தவுடன் காயில் கட்டும் பட்டறைக்கு எடுத்துச் செல்வது பலரது வழக்கம். நிறுவனத்தின் சேவை மையத்தார் பார்க்குமுன் பிரித்தால் உத்தரவாதம் நீங்கிவிடும் என்பது அட்டையில் இருப்பின், அது பட்டியலின் நடுவில் ஒளிந்திருக்கலாகாது. முதல் வரியாக நிற்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் விலக்குகளை மென்மையாக்கவும் கூடாது. தாமாகக் கூட்டவும் கூடாது. ‘பழுது நீக்கித் தருதல் அல்லது மாற்றித் தருதல், நிறுவனத்தின் முடிவுப்படி’ என்பதை ‘புதிய மோட்டார் தரப்படும்’ என்று சுருக்கினால், மூலத்தில் இல்லாத வாக்குறுதி பிறக்கும். மூலமே இருபொருள் தந்தால் நிறுவனத்திடம் கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதுதல் முறை.

கோரும் வழி

கோரும் வழியைச் செய்யும் வரிசையிலேயே ஏவல் தொடர்களாக அமைக்கலாம்: மோட்டாரைப் பிரிக்காதீர், விலைச்சீட்டையும், விற்பனையாளர் முத்திரையிட்ட அட்டையையும் எடுத்துவைப்பீர், மோட்டாரில் பொறித்த வரிசை எண், அட்டையிலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா எனப் பார்ப்பீர், சேவை மையத்தில் புகார் அளித்துப் புகார் எண்ணைப் பெறுவீர், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்பீர். ‘புகார் செய்யப்பட வேண்டும்’ என்னும் செயப்பாட்டுத் தொடரில் யார் செய்வது என்பது மறைந்துவிடுகிறது. மோட்டாரைக் கிணற்றிலிருந்து ஏற்றும் செலவு யாருடையது என்பதும் இவ்விடத்திலேயே வெளிப்பட வேண்டும்.

உரிமை மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கிடலாம். வழக்கிடும் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே அதற்குக் கெடு.

சோதித்தறிதல்

ஆங்கில அட்டையைப் பாராத ஒருவரிடம் தமிழ் அட்டையைக் கொடுத்து மூன்று வினாக்களைக் கேட்கலாம். உத்தரவாதம் எந்த நாளில் முடிகிறது? நீரின்றி ஓடி எரிந்த மோட்டாருக்கு உத்தரவாதம் உண்டா? மோட்டார் நின்றதும் முதலில் செய்ய வேண்டியது யாது? பிறர் உதவியின்றி மூன்றுக்கும் சரியான விடை வந்தால் அட்டை அச்சேறலாம். எந்த வினாவில் அவர் தயங்குகிறாரோ, அதற்குரிய தொடரையே திருத்த வேண்டும்.