கழுத்து பிடித்துக்கொண்டதா?

ராத்திரி படுக்கும்போது ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்தால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. யாராவது கூப்பிட்டால் உடம்பையே சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள்.

கழுத்தெலும்புகளுக்குப் பின்னால் இருபுறமும் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. தூக்கத்தில் கழுத்து வெகுநேரம் கோணலாகக் கிடந்தால், அந்த மூட்டு ஒன்றோ அதை ஒட்டிய தசையோ உறுத்தலுக்கு உள்ளாகிறது. உடனே சுற்றியுள்ள தசைகள் 'இனி அசையாதே' என்பதுபோல் இறுகிக்கொள்கின்றன. வலியில் பெரும்பங்கு இந்த இறுக்கம்தான். எலும்பு விலகிவிட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை.

வலப்பக்கம் பிடித்துக்கொண்ட ஒருவரைப் பார்ப்போம். அவர் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் ஓரளவு திரும்ப முடியும். வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாலே சுரீர் என்கும். முதல் நாள்தான் மோசம். அன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது. பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாதே. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். ஒத்துக்கொள்ளும் என்றால் பாராசிட்டமால் போடலாம். இறுக்கம் தளர்ந்ததும், வலி தொடங்கும் இடம் வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டை மாட்டி அசையாமல் கிடந்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் கழுத்து விட்டுவிடும். சிலருக்கு ஒரு வாரம் ஆகும்.

சுளுக்கு எடுப்பவர்களுக்குப் பேர் வருவதும் இதனால்தான். இரண்டாம் நாள் அவர்களிடம் போகிறோம், மூன்றாம் நாள் சரியாகிறது. போகாமலிருந்தாலும் சரியாகியிருக்கும். எண்ணெய் போட்டு இதமாக நீவினால் பாதகமில்லை. தலையைப் பிடித்து 'மடக்'கென்று திருகுவதுதான் ஆபத்து; சலூனில் முடிவெட்டியபின் செய்கிறார்களே, அதேதான். கழுத்தெலும்புக்குள் ஓடி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய், அப்படித் திருகும்போது அபூர்வமாகக் கிழிந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டதுண்டு.

கழுத்து வலியோடு காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்தாலும், கை மரத்தாலும் பலம் குறைந்தாலும், நடை தள்ளாடினாலும், கீழே விழுந்தபின் வலி வந்திருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலும் தொண்டை வலியுமாக இருக்கும் குழந்தை கழுத்தைத் திருப்ப மறுத்தாலும் அப்படியே. வாந்தியை நிறுத்தத் தரும் சில மாத்திரைகளாலும் கழுத்து இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒத்தடம் கேட்காது, மாற்று ஊசி இருக்கிறது. எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.