அவசரக் கூட்டமும் நான்கு மின்னஞ்சல்களும்

1914ஆம் ஆண்டு. லண்டன் பாடிங்டன் ரயில் நிலையம். ஒரு கம்பெனிக்கு இரண்டே இயக்குநர்கள், பாரன், பாட்டர். இருவருக்கும் ஆகாது. புதிய இயக்குநர்களைச் சேர்க்க வேண்டும் என்று பாட்டர் நினைத்தார். ஆனால் பாட்டரோடு கூட்டத்தில் உட்காரவே பாரன் மறுத்துவந்தார். எனவே பாரன் வந்த ரயிலுக்காக பாட்டர் நடைமேடையில் காத்திருந்தார். பாரன் இறங்கி நடக்க, பாட்டரும் கூடவே நடந்துகொண்டே பெயர்களை முன்மொழிந்தார். பாரன் எதிர்ப்புச் சொன்னார். உடனே பாட்டர், தலைவர் என்ற முறையில் தன் கூடுதல் ஓட்டையும் போட்டு, தீர்மானம் நிறைவேறியது என்றார்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நடந்தது இயக்குநர் குழுக் கூட்டமே அல்ல என்று தீர்ப்பு வந்தது. இயக்குநர்கள் எல்லோரும் சம்மதித்தால் ரயிலடியில்கூடக் கூட்டம் நடத்தலாம். ஒருவர் சம்மதிக்காதபோது அவரை வழியில் மறித்துக் கூட்டம் நடத்த முடியாது. அவசரக் கூட்டம் பற்றிய சட்டத்தின் சாரம் இதுதான். காலத்தைச் சுருக்கலாம், ஆளைச் சுருக்கக் கூடாது.

நம் ஊர் வழக்கத்தில் இது எப்படி வருகிறது என்று பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட். இயக்குநர்கள் நான்கு பேர்: நிர்வாக இயக்குநரான அப்பா, அம்மா, மகன், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அப்பாவுக்கு மட்டும். வியாழக்கிழமை காலை அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட வேண்டும். கையில் இருக்கும் ஆர்டருக்கு நூல் வாங்க வங்கியில் 20 லட்சம் கூடுதல் கடனும் கேட்க வேண்டும். மகனுக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுக்காவிட்டால் இரண்டும் நின்றுவிடும்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 173, இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் கேட்கிறது. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கம்பெனியில் பதிவாகியிருக்கும் முகவரிக்கு, நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒவ்வொரு இயக்குநருக்கும் போக வேண்டும். அவசர வேலை என்றால் 7 நாளைக் குறைத்துக்கொள்ள அதே பிரிவு வழிவிடுகிறது. நோட்டீஸே வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. கொடுக்கத் தவறிய பொறுப்பாளருக்கு 25,000 ரூபாய் தண்டத்தொகை.

முதல் தவறு இங்கேதான் நடக்கும். "அப்பா ஐசியூவில் இருக்கிறார், அவருக்கு எதற்கு மெயில்?" என்று தோன்றும். சித்தப்பாவுக்குப் போனில் சொன்னால் போதும் என்று தோன்றும். இரண்டும் கூடாது. அப்பா படிக்க முடியாத நிலையில் இருந்தாலும் அவருடைய பதிவான மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஒரு இயக்குநருக்கு மட்டும் நோட்டீஸ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 1973இல் பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு கம்பெனியின் பொது மேலாளரை வேலையிலிருந்து நீக்கிய கூட்டத்துக்கு, இயக்குநர் ஒருவருக்கு நோட்டீஸ் போகவில்லை. அந்தக் கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்றது நீதிமன்றம். பிறகு முறையாகக் கூடிய இயக்குநர் குழு அந்த நடவடிக்கையை உறுதிப்படுத்தியிருந்தது. அதனால்தான் நீக்கம் நிலைத்தது. சரிசெய்ய வழி உண்டு. ஆனால் சரிசெய்யும் வரை அந்த முடிவு காற்றில் தொங்கும்.

ஆகவே மகன் காலை 11 மணிக்கு நான்கு முகவரிகளுக்கு ஒரே நோட்டீஸை அனுப்புகிறார். தன் முகவரிக்கும்தான். மாலை 5 மணிக்குக் கூட்டம், இடம் பதிவு அலுவலகம், வீடியோவிலும் சேரலாம், இணைப்பு இது, பேச வேண்டியவை இரண்டு, தீர்மானங்களின் வரைவு இணைக்கப்பட்டுள்ளது. கூடவே ஒரு வரி: "இக்கூட்டம் அவசரக் காரணத்தால் குறுகிய கால நோட்டீஸில் கூட்டப்படுகிறது." இந்த வரி நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்பது கம்பெனி செயலர்கள் நிறுவனத்தின் எஸ்.எஸ். 1 என்ற செயலகத் தரவிதி. பிரைவேட் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். மெயில் அனுப்பிய பிறகு போன்.

"சித்தப்பா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோவுல வந்துருங்க. பேப்பரெல்லாம் மெயில்ல இருக்கு."

"எனக்கு ஏழரை ஆகும். வந்தர்றேன் கண்ணு. அண்ணனைப் பாத்துக்க."

சித்தப்பா ஏன் அவ்வளவு அவசியம்? அம்மாவும் மகனும் உட்கார்ந்தால் கோரம் நிறைந்துவிடுமே! மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அதுதான் கோரம். நான்கு பேரில் இரண்டு போதும். ஆனால் குறுகிய நோட்டீஸ் கூட்டத்துக்கு இன்னொரு கதவு இருக்கிறது. சுயேச்சை இயக்குநர் உள்ள பெரிய கம்பெனிகளில் அவர்களில் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். யாரும் வராவிட்டால், முடிவுகளை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பி, ஒரு சுயேச்சை இயக்குநராவது ஏற்ற பிறகே அவை இறுதியாகும். நம் திருப்பூர் கம்பெனி போலச் சுயேச்சை இயக்குநரே இல்லாத இடத்தில், கம்பெனியின் மொத்த இயக்குநர்களில் பெரும்பான்மையினர் ஏற்க வேண்டும் என்கிறது எஸ்.எஸ். 1. நான்கு பேரில் பெரும்பான்மை மூன்று. அம்மாவும் மகனும் மட்டும் கூடினால் கூட்டம் செல்லும், முடிவு மட்டும் இறுதியாகாமல் நிற்கும். மூன்றாவது ஆள் கூட்டத்திலேயே ஆதரித்தால் அன்றைக்கே முடிந்துவிடும். பிறகு ஏற்றால், ஏற்ற அன்றுதான் முடியும்.

"நான் வர முடியாது, ஆனால் எனக்குச் சம்மதம், நோட்டீஸ் காலத்தைத் தள்ளுபடி செய்கிறேன்" என்று சித்தப்பா கடிதம் கொடுத்தால்? அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைப்பது நல்லது. அவர் பின்னால் நோட்டீஸ் போதவில்லை என்று சொல்வதற்கு அது தடை. ஆனால் கூட்டத்தில் அது ஓட்டாகாது. இயக்குநர்களுக்குப் பதிலாள் முறை இல்லை. கூட்டமே இல்லாமல் தாளைச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்கும் வழி பிரிவு 175இல் இருக்கிறது. கையெழுத்து அதிகாரத்துக்கு அது போதும், கடன் வாங்குவதற்குப் போதாது. கடன் வாங்கும் முடிவைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 179. பங்குதாரர் கூட்டத்துக்கான சம்மதக் கடிதத்தை இதோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. அது வேறு கணக்கு. அங்கே நோட்டீஸ் 21 நாள். அதைக் குறைக்கப் பங்குதாரர்களிடம் 95 சதவீத அளவிலான சம்மதம் வாங்க வேண்டும்.

மாலை 5 மணி. மகன் அலுவலகத்தில். அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக. சித்தப்பா சிங்கப்பூர் வீட்டில். அம்மாவைக் கூட்டத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீடியோவில் சேரும் ஒவ்வொருவரும் பெயர், இருக்கும் இடம், கூட்டத் தாள்கள் கிடைத்தன என்பது, பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பது ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 20 நிமிடத்தில் கூட்டம் முடிகிறது.

இனி மினிட்ஸ். வழக்கமான மினிட்ஸில் இல்லாத மூன்று செய்திகள் இதில் வர வேண்டும்: ஏன் அவசரம், யாருக்கு எப்போது நோட்டீஸ் போனது, குறுகிய காலத்தை யார் ஏற்றார்கள். இப்படி எழுதலாம்:

"நிர்வாக இயக்குநர் அன்று காலை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதாலும், வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரம் அவரிடம் மட்டுமே இருந்ததாலும், சனிக்கிழமை ஊதியம் வழங்கவேண்டியிருந்ததாலும், கூட்டம் குறுகிய கால நோட்டீஸில் கூட்டப்பட்டதைத் தலைவர் தெரிவித்தார். நோட்டீஸும் கூட்டத் தாள்களும் நான்கு இயக்குநர்களுக்கும் அன்று முற்பகல் 11 மணிக்கு, பதிவான மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பப்பட்டன. கலந்துகொண்ட மூன்று இயக்குநர்களும் குறுகிய கால நோட்டீஸுக்குச் சம்மதம் தெரிவித்தனர், எவரும் ஆட்சேபிக்கவில்லை. நிர்வாக இயக்குநருக்கு வர இயலாமைக்கான விடுப்பு அளிக்கப்பட்டது. கம்பெனியின் மொத்த இயக்குநர்களில் பெரும்பான்மையினர் ஆதரித்ததால் தீர்மானங்கள் இறுதியானவை எனப் பதிவு செய்யப்பட்டது."

நடந்ததை இறந்த காலத்திலும், படர்க்கையிலும் எழுத வேண்டும். தீர்மானத்தை மட்டும் நிகழ்காலத்தில், "தீர்மானிக்கப்படுகிறது" என்று எழுத வேண்டும். யாராவது எதிர்த்தால், அல்லது ஓட்டளிக்காமல் ஒதுங்கினால் அவர் பெயரும் ஏற வேண்டும். "எல்லா இயக்குநர்களும் நோட்டீஸைத் தள்ளுபடி செய்தனர்" என்ற ஆயத்த வரியை இங்கே எழுதியிருந்தால் அது பொய். அப்பா எதையும் தள்ளுபடி செய்யவில்லை. நினைவோடு இருந்தாரா என்பதே கேள்வி.

வரைவு 15 நாளுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும். அப்பாவுக்கும் சேர்த்துத்தான். திருத்தம் சொல்ல அவர்களுக்கு 7 நாள். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தக் கூட்டத்தின் தலைவரோ அடுத்த கூட்டத்தின் தலைவரோ ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமும், கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்தும் இடுவார். அப்படியானால் வெள்ளிக்கிழமை வங்கிக்கு எதைக் கொடுப்பது? வரைவை நோட்டீஸோடு இணைத்தது இங்கே உதவுகிறது. தீர்மானத்தின் வாசகம் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், மினிட்ஸ் ஏறும் முன்பே அந்தத் தீர்மானத்தின் சான்றளித்த நகலைக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்யாமல், முதலில் வங்கிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டதும் பழைய தேதி போட்டு மினிட்ஸ் எழுதுவோர் உண்டு. பாகப்பிரிவினை வரும்வரை அது தெரியாது. அன்று புத்தகத்தைத் திறந்தால், "திருப்பூர் அலுவலகத்தில் நேரில் கலந்துகொண்டார்" என்று எழுதப்பட்ட சித்தப்பாவின் பாஸ்போர்ட் வேறு கதை சொல்லும். மினிட்ஸைத் திருத்திப் பொய்யாக்குவது பிரிவு 118இன்படி 2 ஆண்டு வரை சிறையும், 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். முறையாக எழுதிய மினிட்ஸுக்கோ அதே சட்டம் பெரிய பலம் தருகிறது: மாறாக நிரூபிக்கப்படும்வரை, கூட்டம் முறையாகக் கூட்டப்பட்டு நடந்தது என்றே கொள்ளப்படும்.

அந்த நான்கு மின்னஞ்சல்களையும் அச்செடுத்து, நோட்டீஸோடும் தாள்களோடும் கோப்பில் வைக்க வேண்டும். அவற்றைக் குறைந்தது 8 ஆண்டு பாதுகாக்க வேண்டும், மினிட்ஸ் புத்தகத்தை என்றைக்கும். அப்பா உடல் தேறி அலுவலகம் வந்து, "என்னைக் கேக்காம என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டால், மகன் அந்தக் கோப்பை எடுத்து அவர் முன்னால் வைக்கலாம். முதல் தாளே, வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அப்பாவின் முகவரிக்குப் போன நோட்டீஸ்தான்.