நின்றாலும் செலவு ஓடும்

வாளையார். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குள் நுழையும் லாரிகள் 2017 ஜூலை 1 வரை தவம் கிடந்த வாசல். வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன் வரிசை நீளும், எஞ்சின் அணைந்திருக்கும். டீசல் எரியவில்லை, டயர் தேயவில்லை. ஆனாலும் உரிமையாளரின் பணம் கரைந்துகொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடி மூடப்பட்டது. அதனால் என்ன மிச்சம் என்பதை டன் கிலோமீட்டர் கணக்குதான் காட்டும்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் செலவுதான் இது. உதாரணத்துக்கு, 10 டன் சரக்குடன் கோவையிலிருந்து கொச்சிக்குப் போகும் ஆறு சக்கர லாரி. தூரம் ஏறக்குறைய 200 கி.மீ.; திரும்புவது காலியாக. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடினால் 80 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 7,600 ரூபாய். ஆறு டயர்களின் விலை 1,20,000 ரூபாய், ஆயுள் 60,000 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் 800. சுங்கம், பராமரிப்பு 1,600. ஆக ஓட்டச் செலவு 10,000 ரூபாய்.

அடுத்தது நாட்கணக்கு. தவணை, இன்ஷூரன்ஸ், சாலை வரி, பர்மிட் எல்லாம் சேர்த்து மாதம் 75,000 ரூபாய் என்றால் நாளுக்கு 2,500. டிரைவரின் சம்பளமும் படியும் 1,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் தினமும் 3,500 ரூபாய் போகும். இரண்டு நாள் நடைக்கு 7,000.

மொத்தம் 17,000 ரூபாய். சரக்கோடு ஓடியது 200 கி.மீ. மட்டுமே என்பதால் 2,000 டன் கிலோமீட்டர், ஒன்றுக்கு 8.50 ரூபாய். எல்லையில் ஒரு நாள் முடங்கினால் இதுவே 10.25 ஆகிவிடும். 400 கி.மீ.யால் வகுத்து 4.25 என்று மகிழ்பவர், காலி வண்டியையும் சரக்கில் சேர்த்துக் கணக்கிடுகிறார். பலர் வாடகையில் ஏமாறுவது இங்கேதான்.

திரும்பும் லோடுக்காகக் கொச்சியில் ஒரு நாள் காத்திருக்கலாமா? காத்திருப்புக்கு 3,500, பாரத்தால் கூடும் டீசலுக்கு 950. ஆக 4,450 ரூபாய். வாடகை அதற்கு மேல் கிடைத்தால் லாபம். குறைந்தால், காலியாகத் திரும்புவதே மேல்.

இந்த விகிதத்தை அப்படியே இடுக்கிக்குக் கொண்டுபோக முடியாது. போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் டீசல் அதிகம் குடிக்கும். வளைவுகளில் டயரும், இறக்கத்தில் பிரேக் லைனரும் சீக்கிரம் தேயும். தூரம் குறைவு, நேரம் அதிகம் என்பதால் நாட்கணக்குச் செலவு குறைவான கிலோமீட்டர்கள் மீது விழுகிறது. சமவெளி விகிதத்தில் மலைக்கு வாடகை பேசுபவர், நஷ்டத்தைப் பெரும்பாலும் அடுத்த டயர் வாங்கும்போதுதான் உணர்கிறார். தடத்துக்குத் தடம் தனி நோட்டு வைத்தால் அது முன்பே தெரிந்துவிடும்.