சாவி திரும்பவில்லையா? முதலில் ஸ்டீயரிங்கைப் பாருங்கள்

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டால், அது அசையவே மறுக்கிறது. ஸ்டீயரிங்கும் கல்லாய் நிற்கிறது. இப்படி ஆனால் பலருக்கு முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் சாவி போட்டு ஓட்டும் காரில் பேட்டரி அடியோடு செத்துப் போயிருந்தாலும் சாவி திரும்பத்தான் செய்யும். வண்டிதான் ஸ்டார்ட் ஆகாது. சாவியில் இருக்கும் சிப் கெட்டுப்போனாலும் அப்படித்தான். சாவியே திரும்பவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. ஏதோ இரும்புத் துண்டு எங்கோ அழுந்திக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த இரும்புத் துண்டு இருக்கும் இடம் ஸ்டீயரிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் மூடிக்குள். சாவித் துவாரத்துக்குப் பின்னால் விரல் நுனி அளவு தடிமனில் ஒரு தாழ் இருக்கிறது. சாவியை ‘லாக்’ நிலைக்குக் கொண்டுவந்து வெளியே எடுத்ததும், ஒரு ஸ்பிரிங் அந்தத் தாழை ஸ்டீயரிங் தண்டை நோக்கித் தள்ளும். தண்டில் அதற்கென்று பள்ளங்கள் உண்டு. தாழுக்கு நேரே பள்ளம் இருந்தால் அப்போதே உள்ளே இறங்கிவிடும். இல்லையென்றால் தண்டின் மேல் அழுந்தியபடி காத்திருக்கும். பிறகு யாராவது ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பும்போது ‘டக்’ என்று விழும். இறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்திருக்கும் பெரியவரும், முன் சீட்டில் ஏறி ‘டிரைவர்’ விளையாட்டு ஆடும் குழந்தையும் தங்களை அறியாமலே இந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

இது பழுது இல்லை, திருட்டைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்திலேயே இதைக் கட்டாயமாக்கியது. அங்கே பழைய கார்களும் விதியிலிருந்து தப்பவில்லை. கார் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் விதித்தது. திருடர்கள் பூட்டு இல்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 முதல், சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்காவது வண்டியின் முன்நகர்வாவது தடைபட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. திருடனுக்காக வைத்த பூட்டு சில நாள் சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது.

ஏன் அப்படி? தாழ் பள்ளத்தில் சும்மா கிடந்தால் சாவியின் சிறு திருப்பலே அதை வெளியே இழுத்துவிடும். ஆனால் ஸ்டீயரிங் தண்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றால், பள்ளத்தின் சுவர் தாழை நெரிக்கிறது. காற்று தள்ளிக்கொண்டிருக்கும் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: தாழ்ப்பாளோடு மல்லுக்கு நின்றால் வராது, கதவைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால் தானாக வரும். காரில் அந்தத் தள்ளல் டயரிலிருந்து வருகிறது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு உடனே எஞ்சினை அணைத்தால், வண்டியின் பாரத்துக்கு அடியில் டயரின் ரப்பர் முறுகியபடியே நின்றுவிடும். அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த வேகம் தண்டு வழியாக ஏறி வந்து தாழைப் பிடித்துக்கொள்கிறது.

ஆக, விடுவிக்க வேண்டியது சாவியை அல்ல, தாழின் மேல் இருக்கும் பாரத்தை. முதலில் பிரேக்கில் கால் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில். சாவியை அடிவரை செருகிவிட்டு, அதைத் திருப்பாமல் ஸ்டீயரிங்கை மட்டும் இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுவரில் முட்டியது போல உடனே நின்றுவிடும். மறுபக்கம் நூலளவு, ரப்பரை இழுப்பது போல, இளகிக் கொடுக்கும். இளகும் பக்கம்தான் உங்களுக்கு வேண்டிய பக்கம். ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே சீராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் சாவியை வழக்கமான விரல் பலத்தோடு மட்டும் திருப்புங்கள். சாவி திரும்பும் வரை ஸ்டீயரிங் பிடியை விடக் கூடாது.

பலர் தடுமாறுவது இங்கேதான். ஸ்டீயரிங்கைப் படபடவென்று இரு பக்கமும் குலுக்குவார்கள். கூடவே சாவியை முறுக்குவார்கள். குலுக்கலில் தாழ் ஒரு கணம் விடுபடும், அடுத்த கணமே மறுபடி மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் சாவி திரும்பினால் அதிர்ஷ்டம். சீராகப் பிடிப்பதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை.

கொஞ்சம் கடினமான ஒரு நிலையையும் பார்ப்போம். ஊட்டியில் இறக்கமான தெரு ஒன்றில், இடது ஓரமாக, பள்ளத்தைப் பார்த்தபடி கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் நழுவினாலும் வண்டி உருளாமல் இருக்க, ஓட்டுநர் முன்சக்கரங்களை இடப்பக்கம் ஒடித்து, டயர் நடைபாதை விளிம்பில் சாயும்படி விட்டிருக்கிறார். செய்தது சரிதான். ஆனால் இப்போது முறுகிய ரப்பரோடு வண்டியின் பாரமும் அந்த டயர் வழியாகத் தாழின் மேல் ஏறி நிற்கிறது. காலையில் சாவி அசையவில்லை. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் அழுத்தினால் முட்டி நிற்கிறது, இடப்பக்கம் இளகுகிறது. இடது கையால் மட்டும் இழுத்துப் பிடித்தும் போதவில்லை.

இங்கே பலத்தைக் கூட்டலாம். ஆனால் ஸ்டீயரிங்கில்தான் கூட்ட வேண்டும், சாவியில் அல்ல. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இடப்பக்கமாக இழுத்துப் பிடிக்கிறார். பக்கத்து சீட்டில் இருப்பவர் கையை நீட்டி, இரண்டு விரலால் சாவியைத் திருப்புகிறார். அநேகமாகத் திரும்பிவிடும். வண்டியைத் தள்ளி பாரத்தைக் குறைக்கலாம் என்று யாரும் இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தும்போது இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்: சக்கரத்தை நேராக்கி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை ஒரு முறை எடுத்துவிட்டு, பிறகு எஞ்சினை அணைத்தால் போதும். சரிவில் மட்டும் சக்கரம் ஒடிந்தே இருக்கட்டும். சாவி இறுகுவது வண்டி உருள்வதைவிட மேல்.

ஸ்டீயரிங் இரு பக்கமும் ஒரே அளவு லேசாக ஆடுகிறது, ஆனாலும் சாவி திரும்பவில்லை என்றால்? அப்போது தாழின் மேல் பாரம் இல்லை. சந்தேகம் சாவி மீதும், சாவி நுழையும் பூட்டின் மீதும் போக வேண்டும். அந்தப் பூட்டுக்குள் வரிசையாகச் சிறிய பித்தளைத் தகடுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் பூட்டு சுழலும். வருடக்கணக்கில் பயன்படுத்திய சாவியின் முனைகள் மழுங்கிவிடுகின்றன. தகடு ஒன்று மயிரிழை தாழ்ந்து நின்றாலும் பூட்டு அசையாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பீரோவில் தூங்கும் மாற்றுச் சாவி. அது சுலபமாகத் திரும்பினால் பூட்டு நல்ல நிலையில் இருக்கிறது, தினசரிச் சாவிதான் தேய்ந்துவிட்டது. அதற்காகத் தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். மாற்றுச் சாவியை மாதிரியாகக் கொடுப்பதோ, வண்டியோடு வந்த சாவி எண்ணைக் காட்டி வெட்டச் சொல்வதோ சரி. வழியில் அகப்பட்டுக்கொண்டால், சாவியை அடிவரை செருகி, பிறகு ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் திருப்பிப் பார்க்கலாம். தேய்ந்த சாவிகள் சில அந்த இடத்தில் ஒத்துழைக்கும்.

மாற்றுச் சாவியும் திணறினால் பூட்டுக்குள் தூசியோ, பழைய எண்ணெயோடு குழைந்த அழுக்கோ தகடுகளைப் பிடித்திருக்கலாம். சாவியைத் துடைத்துவிட்டு நாலைந்து முறை செருகி எடுங்கள். கிராஃபைட் பொடியைத் துளி அளவு உள்ளே ஊதினால் தகடுகள் வழுக்கும். சமையல் எண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். இன்று வழுக்கும், நாளை தூசியைச் சேர்த்துப் பசையாகும்.

நிறுத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு. சாவியின் தலை திரும்பி, துவாரத்துக்குள் இருக்கும் பகுதி திரும்பாமல், நடுவில் உலோகம் முறுகுவது கைக்குத் தெரிந்தால் அப்போதே விட்டுவிட வேண்டும். கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்புவது இந்த இடத்தில்தான் வினையாகும். சாவி உள்ளே முறிந்தால், துண்டை எடுக்க ஆள் தேட வேண்டும். பூட்டையே மாற்ற நேரலாம். சிப் உள்ள வண்டிக்குப் புதுச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே சர்வீஸ் சென்டரையோ சாவிக்காரரையோ கூப்பிட்டால் செலவு குறைவு.

பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்கள் பலவற்றிலும் இதே தாழ் இருக்கிறது. அதை இழுப்பது மட்டும் ஒரு சிறு மோட்டார். டயர் முறுகி நின்றால் மோட்டாரும் தோற்றுப்போகும். விளக்கு சிமிட்டும், அல்லது ஸ்டீயரிங் பூட்டு பற்றித் திரையில் செய்தி வரும். பிரேக்கை அழுத்தி, ஸ்டீயரிங்கை இளகும் பக்கம் பிடித்துக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வகையில் மட்டும் பேட்டரியும் சந்தேகத்துக்கு உரியது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லையென்றால் தாழ் விலகாது.

ஸ்கூட்டர், பைக் ஹேண்டில் லாக்கும் இதே கதைதான். ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்து ஹேண்டிலை நெருக்கிக்கொண்டிருந்தால் சாவி திரும்பாது. முதலில் அந்த வண்டியை நகர்த்திவிட்டு, ஹேண்டிலை இளகும் பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும்.

இந்தப் பூட்டு உயிருக்கே உலை வைக்கும் சந்தர்ப்பமும் ஒன்று இருக்கிறது. மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கின் உதவி போகும். சில முறை மிதித்தபின் பிரேக்கும் கனமாகும். கை தவறிச் சாவியை வெளியே எடுத்துவிட்டால், அடுத்த வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தாழ் பள்ளத்தில் விழும். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் இதே காரணத்தால்தான், உள்ளே ஒருவர் உட்கார்ந்து சாவியை ‘லாக்’ நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் திருப்பி வைத்து, ஸ்டீயரிங் இரு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கயிறு இறுக வேண்டும்.